தோட்டக் கிராணிக்கு மனிதவளச் சான்றிதழ்: எந்த நிலை, எதுவரை உதவும்?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் எட்டு ஆண்டுகளாகக் கிராணியாக வேலை செய்கிறேன். செக்ரோல், சம்பளம், இபிஎஃப், சொக்சோ, அந்நியத் தொழிலாளர் பெர்மிட் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். எஸ்பிஎம் வரைதான் படித்திருக்கிறேன். மனிதவளத் துறைக்கு மாற ஆசை. சிஐபிடி, எஸ்எச்ஆர்எம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எந்த நிலையில் சேர்வது? சான்றிதழ் எடுத்தால் உண்மையிலேயே மாற முடியுமா?

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் நிலையில் இருப்பவருக்கு, சிஐபிடி என்ற இங்கிலாந்துக் கழகம் வழங்கும் மூன்று, ஐந்து, ஏழு ஆகிய நிலைகளுள் ஐந்தாம் நிலைதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அதைப் படிக்கும் காலத்திலேயே தோட்டத்தில் ஆட்களைப் பற்றிய முடிவுகளில் உங்களுக்கு ஒரு பங்கு கிடைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் கையில் சான்றிதழ் இருக்கும், வேலை செக்ரோலிலேயே நின்றுவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மலேசியாவில் மனிதவள அதிகாரியாகப் பணியாற்ற எந்தச் சட்டமும் உரிமமோ பதிவோ கேட்பதில்லை. ஆலையில் பாதுகாப்பு, சுகாதார அதிகாரியாக வேலை செய்பவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனிதவளத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. ஆகவே நீங்கள் கேட்கும் சான்றிதழ்கள் யாவும் வேலை கொடுப்பவரை நம்பவைப்பதற்கான சான்றுகள் மட்டுமே. அவர் எதை நம்பவேண்டும் என்பது நிலைக்கு நிலை மாறுகிறது. அந்த வேறுபாட்டைப் பாடத்திட்டத்தின் தலைப்புகளைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம் என்பதால், உங்கள் அலுவலகத்துக்கு வரக்கூடிய ஒரே சம்பவத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நிலையும் அதில் என்ன எதிர்பார்க்கிறது என்று காட்டுகிறேன்.

பதினோரு ஆண்டுகள் வேலை செய்த ஒரு குலை வெட்டுபவர் திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாளும் பெரட்டுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். செக்ரோலில் மூன்று நாளும் வராதவர் என்று பதிவாகிவிட்டது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு, அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்கிறது. இதை மனப்பாடமாக வைத்திருக்கும் பல அலுவலகங்களில் மூன்றாம் நாள் மாலையே வேலை நீக்கக் கடிதம் தட்டச்சாகிவிடும். ஆனால் அதே பிரிவு, வராததற்கு நியாயமான காரணம் இருந்து, முன்கூட்டியோ முடிந்த அளவு விரைவாகவோ முதலாளிக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால், அந்தக் கருதுகோள் பொருந்தாது என்றும் சொல்கிறது. இந்த ஆளின் மகன் டெங்கிக் காய்ச்சலில் ஈப்போ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தான். திங்கட்கிழமை காலையிலேயே தகப்பன் மண்டோருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். மண்டோர் அதை அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. இந்தச் சட்டத்தில் முதலாளி என்ற சொல் அவருடைய முகவரையும் மேலாளரையும் சேர்த்தே குறிக்கிறது. மண்டோரிடம் சொன்னது முதலாளியிடம் சொன்னதாகுமா என்பது வாதத்துக்கு உரியதுதான். ஆனால் தெரிவிக்க முயன்றதற்கு அந்தச் செய்தி வலுவான சான்று.

சிஐபிடி என்பது இங்கிலாந்தின் மனிதவளத் தொழில்முறைக் கழகம். 1913இல் தொடங்கியது; 2000இல் அரச சாசனம் பெற்றது. அதன் மூன்றாம் நிலை அடிப்படைச் சான்றிதழ். நான்கு கட்டாயப் பாடங்கள் உள்ளன. தேர்வு கிடையாது, எழுத்துப் பணிகளை வைத்தே மதிப்பிடுவார்கள். நம் சம்பவத்தில் மூன்றாம் நிலைக்காரரிடம் எதிர்பார்க்கப்படுவது இவ்வளவுதான்: வராத நாட்களைச் சரியாகப் பதிவு செய்ய வேண்டும், 15(2)ஆம் பிரிவின் இரண்டு பாதிகளையும் அறிந்திருக்க வேண்டும், தொடர்பு கொண்டதற்கான பதிவு கோப்பில் இல்லை என்பதைக் கண்டுபிடித்து, கடிதம் போகும் முன் மேலாளரின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். முடிவை எடுப்பது அவர் பொறுப்பில்லை. முடிவு எடுப்பவருக்குத் தேவையான விவரம் குறைவின்றிக் கையில் இருக்கச் செய்வதே அவர் பொறுப்பு. எட்டு ஆண்டு அனுபவமுள்ள நீங்கள் இதில் பெரும்பகுதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரை எழுதிப் பழக்கம் இல்லை என்றால் மட்டும், அந்தப் பயிற்சிக்காக மூன்றாம் நிலையில் தொடங்குவதில் நியாயம் உண்டு. சட்டம் தெரியவில்லை என்பதற்காக அதில் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் பாடங்களில் வரும் உதாரணச் சட்டங்கள் இங்கிலாந்துடையவை.

ஐந்தாம் நிலை டிப்ளோமாவில் மூன்று கட்டாயப் பாடங்கள், மூன்று சிறப்புப் பாடங்கள், ஒரு விருப்பப் பாடம் என ஏழு உண்டு. ஆதாரத்தை அடிப்படையாகக் கொண்டு முடிவெடுத்தல், வேலையிட உறவுகளைக் கையாளுதல், ஆள் திட்டமிடல், ஊதியம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்த நிலையில் அதே சம்பவத்தில் முடிவு உங்கள் மேசைக்கு வருகிறது. நீக்கக் கடிதத்தை நிறுத்திவைத்து, காரணம் கேட்கும் கடிதத்தைக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்புவீர்கள். பதிலில் மருத்துவமனை ஆவணமும் வாட்ஸ்அப் செய்தியும் வந்தால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். பதில் பொய் என்று தோன்றினால் உள்விசாரணை நடத்த வேண்டும். அந்தக் குழுவில் மண்டோர் உட்காரக்கூடாது, ஏனெனில் அவரே இதில் சாட்சி. விசாரணைக் காலத்தில் வேலையிலிருந்து நிறுத்திவைப்பதானால் 14ஆம் பிரிவின்படி இரண்டு வாரத்தைத் தாண்டக்கூடாது. அந்த நாட்களுக்குக் குறைந்தது பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால் மீதிப் பாதியையும் கொடுத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்யாமல் கடிதத்தை அனுப்பியிருந்தால் நேரக்கூடியதை எண்ணிலேயே பார்த்துவிடலாம். நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் முறையிடலாம். சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். நிரந்தரப் பணியாளருக்கு நீதிமன்றம் அளிக்கக்கூடிய பின்சம்பளத்தின் உச்சவரம்பு 24 மாதம். அவருடைய மாதச் சம்பளம் 2,000 வெள்ளி என்றால் அது 48,000 வெள்ளி. மீண்டும் வேலையில் அமர்த்துவதற்குப் பதிலாக இழப்பீடு கொடுக்கும்போது, ஓராண்டுச் சேவைக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது வழக்கமான கணக்கு. பதினோரு ஆண்டுக்கு 22,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்தால் 70,000. இடையில் அவர் வேறு வேலையில் சம்பாதித்ததையும் அவர் பக்கத்துத் தவற்றையும் கருதி நீதிமன்றம் குறைக்கலாம். இருந்தாலும், மண்டோரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு இவ்வளவு பெரிய தொகை ஆபத்தில் நிற்கிறது. ஐந்தாம் நிலையில் இருப்பவர் இந்தக் கணக்கை மேலாளரிடம் கடிதம் போகும் முன்பே சொல்லியிருப்பார்.

அந்த நிலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் வராததை முடித்து வைத்த பிறகு, ஏன் இந்தத் தோட்டத்தில் ஆட்கள் வராமல் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. கடந்த பன்னிரண்டு மாதப் பதிவை எடுத்து, வராத நாட்களை முதலில் வாரத்தின் கிழமைப்படி பிரியுங்கள், பிறகு குழுவாரியாகப் பிரியுங்கள். எல்லாக் குழுக்களிலும் சம்பளம் போட்ட மறுநாள் மட்டும் கூடுகிறது என்றால் அது ஒரு வகைச் சிக்கல். இரண்டு குழுக்கள் ஒழுங்காக இருக்க, ஒரே குழுவில் மட்டும் கிழமை பாராமல் இருமடங்காக இருக்கிறது என்றால், அந்த மண்டோர் நடத்தும் விதத்தையோ, அந்தக் குழுவுக்கு ஒதுக்கிய நிலத்தின் சரிவையோ, மரங்களின் உயரத்தையோ பார்க்க வேண்டும். இவற்றுள் எது என்று எண் சொல்லாது. நிலத்துக்குப் போய்ப் பார்த்து, அந்தக் குழுவின் நாலைந்து பேரிடம் தனித்தனியாகப் பேசினால்தான் தெரியும். எண்ணிலிருந்து பேச்சுக்கும் பேச்சிலிருந்து பரிந்துரைக்கும் போகும் இந்தப் பாதையைத்தான் அந்த நிலையின் எழுத்துப் பணிகள் கேட்கின்றன. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்து படிப்பவர் பலருக்கு இப்படிப்பட்ட மூலப் பதிவு கைக்கு எட்டாது.

இந்த நிலையில் நிர்வாக அலுவலில் இருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுவே. ஒரு நடைமுறையை மதிப்பிடு என்று வினா கேட்கும். அவர்கள் அந்த நடைமுறை எப்படி நடக்கிறது என்று படிப்படியாக எழுதிவிடுவார்கள். யார் கையெழுத்திட வேண்டும், எந்தப் பாரம், எத்தனை நகல் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். அது வேலை செய்கிறதா, எந்த ஆதாரத்தால் அப்படிச் சொல்கிறீர்கள், மாற்றினால் யாருக்குச் சுமை கூடும் என்ற பகுதி காலியாக இருக்கும். ஒவ்வொரு அளவுகோலிலும் தேற வேண்டும் என்பதால் அந்த ஒரு வினாவுக்காகப் பணி முழுவதும் திரும்பி வரும். உங்களுக்கு இது நேர்கிறதா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: எழுதிய பத்தியில் 'ஏனெனில்' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை என்றால், நீங்கள் மதிப்பிடவில்லை, விவரித்திருக்கிறீர்கள்.

ஏழாம் நிலையைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. முதுகலைப் படிப்புக்கு ஈடான நிலை அது. அதே சம்பவத்தில், குலை வெட்டும் வேலைக்கு உள்ளூர் ஆட்கள் ஏன் வருவதில்லை, வீடமைப்புக்குச் செலவிடுவதா துண்டுக்கூலியைக் கூட்டுவதா, தோட்ட முதலாளிகள் சங்கமான மாப்பாவும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் அதற்கு எவ்வளவு இடம் தருகிறது என்று பல தோட்டங்களுக்குச் சேர்த்து யோசிப்பதை அது எதிர்பார்க்கிறது. நிறுவனத்தின் செலவுக் கணக்கும் திட்டமும் கண்ணில் படாத இடத்திலிருந்து அதை எழுதினால், கட்டுரை வெறும் புத்தகச் சாரமாகிவிடும். மேலும் ஏழாம் நிலையில் தேறியதால் மட்டும் சிஐபிடியின் உயர் தகுதியான சார்ட்டர்டு உறுப்பினர் ஆகிவிட முடியாது. வேலையில் காட்டிய விளைவுக்குத் தனியாகச் சான்று தர வேண்டும். ஐந்தாம் நிலையில் தேறினால் இணை உறுப்பினர் தகுதிக்கு அப்படித் தனி மதிப்பீடு தேவைப்படாது.

அமெரிக்கச் சான்றிதழ்களை உங்களுக்குப் பரிந்துரைக்காததற்குக் காரணம் சொல்ல வேண்டும். எச்ஆர்சிஐ என்ற அமைப்பு அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் பிஎச்ஆர்ஐ என்ற தேர்வை நடத்துகிறது. அதில் அமெரிக்கச் சட்டம் கிடையாது. பட்டம் இல்லாதவருக்கு நான்கு ஆண்டு அனுபவம் கேட்கிறது. எட்டு ஆண்டு இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அது கேட்பது மனிதவளத்தில் தொழில்முறை நிலை அனுபவம். சம்பளப் பதிவும் பெர்மிட் புதுப்பிப்பும் எழுத்தர் வேலையாகவே கொள்ளப்படும் வாய்ப்பு அதிகம். அனுபவம் கேட்காத ஏபிஎச்ஆர்ஐ தேர்வை நீங்கள் எழுதலாம், ஆனால் அது உங்களைத் தொடக்கநிலை ஆளாகக் காட்டும். எஸ்எச்ஆர்எம் என்ற இன்னொரு அமெரிக்க அமைப்பின் சிபி தேர்வுக்குப் பட்டமோ மனிதவளப் பதவியோ நிபந்தனை இல்லை. 134 வினாக்கள், அவற்றுள் ஒரு பகுதி சூழ்நிலையைக் கொடுத்து எது சிறந்த முடிவு என்று கேட்பவை. அதற்கு மேலான எஸ்சிபி, மூன்று ஆண்டு திட்ட நிலை மனிதவளப் பணியை எதிர்பார்க்கிறது. சிபி நல்ல தேர்வுதான். கோலாலம்பூரில் அமெரிக்க நிறுவனமொன்றுக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் தேர்வு முடிந்ததும் உங்கள் கையில் மதிப்பெண் மட்டும் இருக்கும். சிஐபிடி முடியும்போது உங்கள் தோட்டத்து உதாரணங்களோடு நீங்களே எழுதிய பணிகள் இருக்கும். தோட்ட மேலாளரிடமோ வட்டார அலுவலகத்திடமோ காட்டுவதற்குப் பின்னதே பயன்படும்.

மலேசியச் சட்டத்தைத் தனியாகக் கற்க வேண்டும். அதற்கு நீண்ட படிப்பு தேவையில்லை. மலேசிய முதலாளிகள் சம்மேளனமும் மலேசிய மனிதவள மேலாண்மைக் கழகமும் வேலைச் சட்டம், உள்விசாரணை ஆகியவை பற்றிப் பயிற்சிகள் நடத்துகின்றன. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களைக் குறைவின்றிச் சொல்லித்தரும் பயிற்சியாகப் பாருங்கள்: வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணி ஆனது, பேறுகால விடுப்பு 60இலிருந்து 98 நாள் ஆனது, தகப்பன்மாருக்கு ஏழு நாள் விடுப்பு வந்தது.

இப்போது இடமாற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்தில் மனிதவள அலுவலகம் பெரும்பாலும் இருப்பதில்லை. அது வட்டாரத் தலைமையகத்திலோ கோலாலம்பூரிலோ இருக்கும். தோட்டத்தில் ஆட்களை நிர்வகிப்பவர் மேலாளரும் உதவி மேலாளர்களும்தான். ஆகவே நீங்கள் மாறப்போவது வட்டார அலுவலகத்தில் ஒரு நிர்வாகி பதவிக்காக இருக்கும். அங்கே நேர்காணல் செய்பவர், நீங்கள் எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டீர்கள் என்று ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுவார். ஒரு தகராறைக் கேட்டு முடித்திருக்கிறீர்களா, ஒருவருக்கு விருப்பமில்லாத செய்தியை நேரில் சொல்லியிருக்கிறீர்களா, உங்கள் பரிந்துரையால் ஏதாவது மாறியதா என்பவற்றில்தான் நேரம் செலவிடுவார். அந்தப் பதில்களைப் படிக்கும் காலத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். மேலாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: அடுத்த உள்விசாரணையில் குறிப்பெடுப்பவராக உட்கார அனுமதி, வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டுப் பதிவு செய்யும் பொறுப்பு, நான் மேலே சொன்ன செக்ரோல் ஆய்வை அவர் முன் வைக்க அரை மணி நேரம். மேலாளர் மூன்றையும் மறுத்தால் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதைத் தள்ளிப்போட்டு, கேட்டதைத் தரும் இடத்தை முதலில் தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இங்கே இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2024 ஜூன் 1 முதல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடங்களில், பாதுகாப்பு, சுகாதார அதிகாரி நியமனம் கட்டாயமில்லாத பட்சத்தில், ஊழியர்களுள் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். அதற்கான பயிற்சியும் குறுகியது. உங்கள் தோட்டத்தில் அந்தப் பொறுப்பு காலியாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். தொழிலாளர்களோடு நேரில் பேசி, மண்டோர்களிடம் ஒன்றை மாற்றச் சொல்லும் அனுபவம் அதிலேயே கிடைக்கும்.

சம்பள விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கிராணியாக இருக்கும்வரை நீங்கள் அகில மலாயா தோட்டப் பணியாளர் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்துக்குள் வரக்கூடியவர். நிர்வாகி பதவிக்குப் போனதும் அந்தப் பாதுகாப்பிலிருந்து வெளியேறுகிறீர்கள். அதோடு, வேலைச் சட்டத்தின் கூடுதல் நேரச் சம்பள உரிமை மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் பெறுபவருக்குப் பொருந்தாது. உங்கள் சம்பளம் 3,200 வெள்ளி என்றும் மாதம் 20 மணி நேரம் கூடுதல் வேலை செய்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 3,200ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 123 வெள்ளி சொச்சம். எட்டால் வகுத்தால் மணிக்கு 15 வெள்ளி 38 காசு. ஒன்றரை மடங்கில் 23 வெள்ளி 8 காசு. 20 மணிக்கு ஏறக்குறைய 462 வெள்ளி. புதிய பதவியில் 4,100 வெள்ளி தருகிறார்கள் என்றால், காகிதத்தில் 900 வெள்ளி உயர்வு; கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 438 வெள்ளி. மாதக் கடைசியில் இரவு பத்து மணி வரை உட்கார வேண்டிவந்தாலும் அதற்குச் சட்டப்படி தனிச் சம்பளம் கேட்க முடியாது. ஆண்டு உயர்வு, போனஸ், பயணப்படி ஆகியவற்றை நியமனக் கடிதத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படிப்புச் செலவைப் பொறுத்தவரை, பயிற்சி மையத்தின் கட்டணத்தோடு சிஐபிடியின் மாணவ உறுப்பினர் கட்டணமும் தனியாக உண்டு என்பதைக் கணக்கில் சேருங்கள். உங்கள் நிறுவனத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் இருந்தால், அது மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை, பயிற்சி நிதியை நிர்வகிக்கும் எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாகச் செலுத்திக்கொண்டிருக்கும். அந்த லெவிக் கணக்கைப் பெரும்பாலும் உங்களைப் போன்ற கிராணியே தயாரிக்கிறார். பயிற்சி மையம் எச்ஆர்டி கார்ப்பில் பதிவானதா, அந்தப் படிப்புக்கு மானியம் கிடைக்குமா என்று மையத்திடம் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பம் நிறுவனத்தின் பெயரில், வகுப்பு தொடங்கும் முன் போக வேண்டும். நீங்கள் முதலில் சொந்தப் பணத்தைக் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பிறகு திரும்பக் கேட்டால் கிடைக்காது. ஆகவே முன்பணம் எதுவும் கட்டுவதற்கு முன், செக்ரோல் ஆய்வையும் படிப்பின் விவரத்தையும் ஒரே கோப்பில் வைத்து மேலாளரிடம் கொடுங்கள்.